சுங்கை சிப்புட்டில் மாமாவின் கால்

வெளிநாட்டில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் தொழில். அதனால்தான் மலேசியாவின் சுங்கை சிப்புட் அரசாங்க கிளினிக்கில் ஒரு மருத்துவ உதவியாளர் மாமாவின் காலைப் பார்த்த விதம் என் மனதில் பதிந்துவிட்டது.

மாமா கால்வாய் ஓரத்தில் கால் வைக்க, பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் வெளிக் கணுக்கால் நன்றாக வீங்கிவிட்டது. "நொண்டியாச்சும் நடக்கிறாரே, வெறும் சுளுக்குதான். எண்ணெய் போட்டு உருவிட்டா சரியாயிடும்" என்றார் அத்தை. நான் விடாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

"ஐயா, இனிப்பு நீர் இருக்கா?" என்றுதான் அவர் தொடங்கினார். சரியான கேள்வி. இனிப்பு நீரால் பாதம் மரத்துப் போயிருந்தால், அழுத்தும்போது வலிக்கவில்லை என்பதை நம்ப முடியாது. மாமாவுக்கு அது இல்லை. அடுத்து நாலு அடி நடக்கச் சொன்னார். நொண்டி நடந்தாலும் நடைதான். அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு அடி வைக்க முடியாதவருக்குத்தான் அதை வைத்தே எக்ஸ்ரே.

அப்புறம் விரல் வேலை. வீக்கத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிக் கணு எலும்பின் பின் விளிம்பில் ஆறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து நுனி வரை அழுத்தி இறங்கினார். மாமா அசையவில்லை. உள் கணுவிலும் அப்படியே. வெளிக் கணுவுக்கு முன்னால், மெத்தென்ற இடத்தில் அழுத்தியதும் முகம் சுளித்தார். அது தசைநார் இருக்கும் இடம், சுளுக்கு வலிக்கும் இடம். அதற்காக எக்ஸ்ரே தேவையில்லை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். விரல் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போனது. சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கித் தடவினால் பாதி வழியில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அங்கே அழுத்தியதும் மாமா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பாதம் மடங்கும்போது அந்த முண்டில் பிடித்திருக்கும் தசைநார் இழுத்து எலும்பைப் பெயர்த்துவிடலாம். பாதத்தின் உள்பக்கம், கணுவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் படகு எலும்பையும் அழுத்திப் பார்த்தார். அங்கே வலி இல்லை.

அதனால் அவர் எழுதித் தந்தது கணுக்கால் படம் அல்ல, பாதப் படம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். கணுக்கால் படம் மட்டும் எடுத்தால் அந்த முண்டு ஓரத்தில் விழும், சில சமயம் விழாமலே போகும். "எலும்பு நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள்.

இப்படி அழுத்திப் பார்த்து எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவு செய்வது கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழு 1992இல் வெளியிட்ட விதி. அவர் அழுத்திப் பார்த்த எலும்புகள் எதிலும் வலி இல்லாமல், நடக்கவும் முடிந்தால் முறிவு இருப்பது மிக அரிது. ஆனால் வலி இருந்தால் முறிவுதான் என்று அர்த்தமில்லை. அப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குப் படத்தில் ஒன்றும் இருக்காது. குடித்திருப்பவர்களுக்கும், வேறு பெரிய அடியால் வலியைச் சரியாகச் சொல்ல முடியாதவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது.

மாமாவின் படத்தில் முண்டின் அடியில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தது. எலும்பு விலகவில்லை. கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி போட்டு, வலி தாங்கும் அளவு நடக்கச் சொன்னார்கள். எண்ணெய் உருவலை மட்டும் அத்தையிடம் தெளிவாக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.