அடைப்புக்குறியா, வால் மைனஸா, Dr/Cr-ஆ: ஸ்டேட்மென்ட் படத்தில் எந்தக் குறியை நம்பலாம்?

சேலத்தில் கணக்கு எழுதும் அலுவலகங்களுக்கு இப்போது ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் படமாகத்தான் வருகிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர் பாஸ்புக்கை போனில் படம்பிடித்து அனுப்புகிறார். ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து மங்கலான ஸ்கேன் வருகிறது. அதில் எண்களைப் படிப்பது பெரிய வேலை இல்லை. அந்த எண் கழிய வேண்டியதா கூட வேண்டியதா என்பதைப் படிப்பதில்தான் கணக்கு கவிழ்கிறது.

கழிக்க வேண்டிய தொகையை ஸ்டேட்மென்ட்கள் மூன்று விதமாகக் காட்டுகின்றன. ஒன்று (2,500.00) என்று அடைப்புக்குறிக்குள். இன்னொன்று 2,500.00- என்று எண்ணுக்குப் பின்னால் மைனஸ் போட்டு. மூன்றாவது 2,500.00 Dr என்று எழுத்தால். மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: படத்தில் குறி அழிந்துபோனால், அழிந்தது நமக்குத் தெரியுமா? அந்தக் கணக்கில் Dr/Cr முதலிடம், அடைப்புக்குறி அடுத்தது, வால் மைனஸ் கடைசி. ஆனால் Dr/Cr-க்குக் கொடுக்கும் முதலிடத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

வால் மைனஸ் பழைய கம்ப்யூட்டர் அச்சிலிருந்து வந்த பழக்கம். பெரிய நிறுவனங்களில் ஓடும் எஸ்ஏபி மென்பொருள் இன்றும் கழிவுத் தொகையை வழக்கமாக அப்படித்தான் காட்டும். எனவே ஒரு பெரிய கம்பெனி தன் சப்ளையருக்கு அனுப்பும் கணக்கில் இதைப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்தச் சின்னக் கோடு காகிதத்தின் வலது ஓரத்தில் நிற்கிறது. படம்பிடிக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டால் முதலில் போவது அதுதான். கட்டத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டாலும், மை மங்கினாலும் காணாமல் போய்விடும். போன பிறகு மிச்சமிருக்கும் 2,500.00 முழு ஆரோக்கியமான எண். அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

இதைவிட மோசம், இல்லாத மைனஸ் இருப்பதுபோலத் தெரிவது. நம் ஊரில் பில்லிலும் ரசீதிலும் 2,500/- என்று எழுதுவது வழக்கம். அந்தச் சாய்கோடு மங்கிப்போனால், படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் அதை 2,500- என்று எடுத்துக் கொடுத்துவிடும். வாங்கிய பணம் கொடுத்த பணமாக மாறிவிடும். அதேபோல, பணம் எடுத்ததற்கு ஒரு கட்டம், போட்டதற்கு ஒரு கட்டம் என்று இருக்கும் ஸ்டேட்மென்டில், ஒன்றுமில்லாத கட்டத்தில் வெறும் கோடு போடுவார்கள். கட்டங்கள் நெருக்கமாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தின் கோடு இந்த எண்ணின் வாலாக ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க அந்த வரிசையை மட்டும் பார்த்தால் போதாது. கட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். மைனஸாக இருந்தால் எண்ணோடு ஒட்டி, எண் இருக்கும் இடத்தில் மட்டும் வரும். காலிக் கட்டத்தின் கோடு என்றால் எதிர்க் கட்டத்தில் எண் இருக்கும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்.

குறி பிழைத்து வந்தாலும் எக்செல்லில் ஒரு தொல்லை உண்டு. 2,500.00- என்று ஒட்டினால் அது எழுத்தாகவே நின்றுவிடலாம், கூட்டலில் சேராது. Text to Columns-இன் கடைசிப் படியில் Advanced-ஐத் திறந்து, `Trailing minus for negative numbers` டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து முடித்தால் சரியாகிவிடும்.

அடைப்புக்குறிக்கு இரண்டு கால். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். 2,500.00) என்று ஒற்றைக் குறி தொங்கினால், இன்னொன்று எங்கே என்று கண் தானாகத் தேடும். இதனால்தான் வால் மைனஸுக்கு மேலே இதை வைக்கிறேன். ஆனால் இதற்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது: இடது அடைப்புக்குறியை ஓசிஆர் 1 என்று படிப்பது. வலது குறியும் மங்கிவிட்டால் (2,500.00) என்பது 12,500.00 ஆகிவிடும். குறியும் போய், தொகையும் பத்தாயிரம் கூடிவிட்டது.

இங்கே நம்முடைய லட்சக் காற்புள்ளி ஒரு உதவி செய்கிறது. (12,500.00) என்பதன் முன்னால் 1 ஒட்டினால் 112,500.00 வரும். நம் முறையில் அது 1,12,500.00 என்றுதான் இருக்க வேண்டும். காற்புள்ளி இடம் மாறி நிற்பதே காட்டிக்கொடுத்துவிடும். (250.00) என்பது 1250.00 ஆனால் ஆயிரத்துக்குரிய காற்புள்ளி இல்லை, அதுவும் மாட்டிக்கொள்ளும். ஆனால் முதல் காற்புள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு இலக்கம் இருந்தால், அதாவது (2,500.00) அல்லது (1,12,500.00) மாதிரி இருந்தால், மாறிய எண் இலக்கணப்படி சரியாகவே இருக்கும். (50.00) போன்ற சில்லறைத் தொகையும் 150.00 என்று நழுவிவிடும். இவற்றைக் கண்ணால் பிடிக்க முடியாது, கூட்டிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மில்லியன் முறையில் காற்புள்ளி போட்ட ஸ்டேட்மென்டுக்கு இந்தச் சோதனையை அப்படியே வைக்கக் கூடாது, அங்கே 112,500.00 சரியான எண்.

“கழிக்க:” என்று தலைப்புப் போட்ட வரிசையில் அடைப்புக்குறியும் வந்தால், ஒருமுறைதான் கழிக்க வேண்டும். தலைப்புக்கு ஒருமுறை, குறிக்கு ஒருமுறை என்று மாற்றினால் கழிவு மறுபடியும் கூட்டலாகிவிடும்.

இனி Dr/Cr. இரண்டு பக்கத்துக்கும் எழுத்து போடும் ஸ்டேட்மென்டில் எழுத்து அழிந்தால், அந்த வரிசை மொட்டையாக நிற்கும். “இங்கே ஏதோ போயிருக்கிறது” என்று அதுவே சொல்லிவிடும். மற்ற இரண்டு முறைக்கும் இந்தக் குணம் இல்லை. நான் முதலிடம் கொடுப்பது இதற்காகத்தான். நிபந்தனையும் இதிலேயே இருக்கிறது: இரண்டு பக்கமும் எழுத்து இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் பலவற்றில் நாம் கட்டிய பணத்துக்கும் திரும்பி வந்த பணத்துக்கும் மட்டும் Cr போட்டு, செலவுக்கு எதுவும் போட மாட்டார்கள். அங்கே Cr அழிந்தால் கட்டிய பணம் சத்தமில்லாமல் செலவாகிவிடும். வால் மைனஸின் அதே குறை இங்கும் வந்துவிடுகிறது.

எழுத்தின் பொருளிலும் நிதானம் வேண்டும். வங்கி தன் புத்தகத்தின்படி எழுதுகிறது. நாம் போட்ட பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன், அதனால் அது Cr. வங்கி கடன் லிமிட் கொடுத்திருக்கும் சிசி கணக்கில் அந்த லிமிட்டிலிருந்து எடுத்திருந்தால் நாம் வங்கிக்குத் தர வேண்டியது, அதனால் Dr. நம் டேலியில் அதே வங்கிக் கணக்கு நேர் எதிராக நிற்கும்: வங்கி Cr என்று சொல்லும் இருப்பு நமக்கு Dr. எழுத்தைப் பார்த்து அப்படியே டேலியில் ஏற்றுபவர்கள் தவறுவது இங்கேதான்.

ஒரு கொலுசுப் பட்டறையின் சிசி கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடக்க இருப்பு 12,400.00 Cr. வெள்ளி வாங்க 31,000 ரூபாய் செக் போனது, இருப்பு 18,600.00 Dr. வியாபாரி 25,000 போட்டார், இருப்பு 6,400.00 Cr. வங்கிக் கட்டணம் 590 போனது, இருப்பு 5,810.00 Cr. படத்தில் இரண்டாவது வரிசையின் Dr மங்கி, தட்டச்சு செய்பவர் Cr என்று போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பிடிக்க, A கட்டத்தில் இருப்பைப் படத்தில் இருந்தபடியே எழுத்தோடு வைத்து, குறியை மட்டும் B கட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும்:

```
=IF(RIGHT(A2,2)="Cr",1,IF(RIGHT(A2,2)="Dr",-1,NA()))
```

இரண்டும் இல்லாவிட்டால் `#N/A` வர வேண்டும் என்பது முக்கியம். “Dr இல்லையென்றால் Cr” என்று எழுதினால், அழிந்த எழுத்தெல்லாம் Cr ஆகிவிடும், முதலிடம் கொடுத்த காரணமே போய்விடும். பிறகு எடுத்தது C, போட்டது D, எழுத்தை நீக்கிய இருப்பை B-இன் குறியால் பெருக்கியது E என்று வைத்து, வரிசைக்கு வரிசை சரிபார்க்கலாம்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லாம் சரியென்றால் ஒவ்வொரு வரிசையிலும் 0 வரும். நம் உதாரணத்தில் செக் வரிசையில் -37,200, அடுத்த வரிசையில் +37,200 வருகிறது. பாதியாக்கினால் 18,600, அதே வரிசையின் இருப்பு. ஒரு தொகையின் பக்கம் மாறினால் வித்தியாசம் அதன் இரட்டிப்பாக வரும் என்பது கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை. அடுத்தடுத்த இரண்டு வரிசையில் கூட்டலும் கழித்தலுமாக ஒரே தொகை நின்றால், தவறு இருப்பின் குறியில். ஒரே வரிசையில் மட்டும் நின்றால் தவறு பெரும்பாலும் வரவு செலவில்: வியாபாரியின் 25,000-ஐ எடுத்த கட்டத்தில் போட்டிருந்தால் அந்த ஒரு வரிசையில் மட்டும் -50,000 வந்திருக்கும்.

வரவும் செலவும் ஒரே கட்டத்தில் வரும் ஸ்டேட்மென்டில் வித்தியாசத்தின் பாதி அந்த வரிசையில் எங்கும் இல்லையென்றால், அடைப்புக்குறி 1 ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (2,500.00) என்பது 12,500.00 ஆனால் வித்தியாசம் 15,000. அதன் பாதி 7,500 எங்கும் இருக்காது. ஒட்டிக்கொண்ட பத்தாயிரத்தைக் கழித்துவிட்டுப் பாதியாக்கினால் 2,500 கிடைத்துவிடும்.

கிரெடிட் கார்டில் வரிசைக்கு வரிசை இருப்பு கிடையாது, அதனால் இந்தச் சோதனை அப்படியே செல்லாது. முந்தைய பாக்கி, அதோடு செலவும் கட்டணங்களும், அதிலிருந்து கட்டியதும் திரும்பியதும் கழித்தால் மொத்த பாக்கி வர வேண்டும். கட்டிய 8,000-த்தின் Cr அழிந்திருந்தால் நம் கூட்டல் அச்சிட்ட பாக்கியைவிட 16,000 அதிகமாக நிற்கும், பாதியை வைத்து வரிசைகளில் தேடலாம். அதே தொகையில் செலவு ஒன்றும் கட்டியது ஒன்றும் இருந்தால் எதில் Cr போனது என்று எண்ணால் சொல்ல முடியாது. அப்போது விவரக் கட்டத்தைப் படிக்க வேண்டும், அதுவும் மங்கலென்றால் நெட்பேங்கிங்கில் இறக்கிய பிடிஎஃப் கேட்டு வாங்கிவிடுவதுதான் வழி.