ஒட்டுப்போட்ட பத்தி: மேற்கோளா, மறுஎழுத்தா?

பிறர் எழுதியதைக் கட்டுரையில் எடுத்தாள இரு வழி: சொல்லுக்குச் சொல் மேற்கோள், அல்லது சொந்த நடையில் மறுஎழுத்து. சில சொற்களை மட்டும் மாற்றிவைப்பது ஒட்டு.

மூலம்: “அலையாத்திக் காடுகளின் அடர்ந்த வேர்கள் அலையின் வேகத்தைக் குறைத்துக் கரை அரிப்பைத் தடுக்கின்றன.”
ஒட்டு: “அலையாத்திக் காடுகளின் நெருக்கமான வேர்கள் அலையின் விசையைக் குறைத்து மண் அரிப்பைத் தடுக்கின்றன.”

மூன்று சொல் மாறியது, வாக்கியத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. கீழே மூலத்தின் பெயரைப் போட்டாலும் இது ஒட்டுதான். ‘வேகம்’ ‘விசை’யானதில் பொருளும் பிசகிவிட்டது.

நேரம்: மேற்கோளுக்கு ஒரு நிமிடம், மறுஎழுத்துக்குப் பத்து நிமிடமாவது ஆகும்.
சிக்கல்: மேற்கோள் மிகுந்தால் உங்கள் குரல் காணாமல் போகும், மறுஎழுத்தில் கருத்து திரியலாம்.

மறுஎழுத்துக்கு மூலத்தை மூடிவிட்டு, கேள்விக்குப் பதில்போல எழுதுங்கள்: “கரை கரையாமலிருக்க அலை முதலில் தளர வேண்டும், அதை அலையாத்தியின் வேர்ப்பின்னல் செய்கிறது.” பிறகு மூலத்தைத் திறந்து சரிபார்த்து, அதன் பெயரைச் சேருங்கள். ‘அலையாத்தி’ துறைச்சொல், மாற்ற வேண்டாம்.

வரையறை, சட்ட வாசகம் என்றால் மேற்கோள். தகவல், விளக்கம் என்றால் மறுஎழுத்து.