Z/12 ⊗ Z/18: இரண்டு வழிகளில் எது?

காட்பாடியில் முதுகலைக் கணித மாணவர்கள் சிலருக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்கிறேன். இந்தக் கணக்கைக் கொடுத்தால் எல்லோரும் Z/6 என்று விடை எழுதிவிடுகிறார்கள். 12, 18 ஆகியவற்றின் மீ.பொ.வ. 6 என்பது நினைவில் இருக்கிறது. நிரூபணத்தில்தான் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

முதல் வழி, உறுப்புகளைக் கொண்டு கணக்கிடுவது. x⊗y = xy(1⊗1) என்பதால் 1⊗1 ஒன்றே எல்லா உறுப்புகளையும் பிறப்பிக்கிறது. அதன் 12 மடங்கும் பூச்சியம், 18 மடங்கும் பூச்சியம்; 6 = 18 − 12 என்பதால் 6 மடங்கும் பூச்சியம். பெரும்பாலோர் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். ஆனால் இதுவரை தெரிந்தது, உறுப்புகள் ஆறுக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. எல்லாமே பூச்சியமாகச் சுருங்கிவிடவில்லை என்பதற்கு என்ன சான்று? அதற்கு f(x, y) = xy (மட்டு 6) என்ற இருநேரியல் சார்பு வேண்டும். 6 இரண்டு எண்களையும் வகுப்பதால் அது நன்கு வரையறுக்கப்பட்டது. அது 1⊗1-ஐ 1-க்கு அனுப்புகிறது, Z/6-இல் 1-இன் மடங்குகள் ஆறும் வெவ்வேறானவை. ஒரு மாணவி மட்டு 12 என்று எழுதியிருந்தார். Z/18-இல் 18-உம் 0-உம் ஒன்றே. ஆனால் f(1, 18) மட்டு 12-இல் 6 ஆகிவிடுகிறது, f(1, 0) பூச்சியம். சார்பே உடைந்துவிட்டது.

இரண்டாவது வழியில் Z/12-ஐ, Z-ஐ 12-ஆல் பெருக்கும் சார்பின் பிம்பத்தால் Z-ஐ வகுத்த ஈவாகப் பார்க்கிறோம். டென்சர் பெருக்கல் இத்தகைய ஈவுகளை அப்படியே காக்கும். எனவே விடை, Z/18-ஐ அதிலுள்ள 12-இன் மடங்குகளால் வகுத்த ஈவு. அந்த மடங்குகள் 0, 12, 6 என மூன்றே. 18-ஐ 3-ஆல் வகுத்தால் 6. சுழல் குலத்தின் ஈவும் சுழல் குலமே, ஆகவே Z/6. மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு வேலை இல்லை.

பகா எண் அடுக்குகளாகப் பிரித்துச் செய்யும் மூன்றாவது வழியும் உண்டு. Z/4 ⊗ Z/2-ஐக் கணக்கிட மேற்கண்ட இரண்டில் ஒன்று எப்படியும் தேவைப்படுவதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

Z/8 ⊗ Z/9 போல எண்கள் சார்பகா எண்களாக இருந்தால் முதல் வழியே போதும்: 1 = 9 − 8, எல்லாம் பூச்சியம், கீழ் எல்லைக்கு அவசியமே இல்லை. மற்ற இடங்களில் நான் இரண்டாவதன் பக்கம். எந்த ஏபெல் குலம் M-ஐ எடுத்தாலும் Z/m ⊗ M என்பது M/mM என்று அதே வாதம் தருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: Z-இல் 12-ஆல் பெருக்குவது ஒன்றுக்கொன்றான சார்பு, Z/18-இல் அப்படியல்ல. அங்கே 0, 3, 6, 9, 12, 15 ஆகிய ஆறும் பூச்சியத்துக்குப் போகின்றன. அந்த ஆறும் சேர்ந்த குலம்தான் Tor(Z/12, Z/18).