ஒரே நேரமா, துறைவாரி நேரமா? ஒரு நாள் கால்ஷீட்டின் இரண்டு வடிவங்கள்

நாளைய படப்பிடிப்புக்கு யார், எப்போது, எங்கே வர வேண்டும் என்று சொல்லும் கால்ஷீட் தாளை இரண்டு விதமாகத் தயாரிக்கிறார்கள். ஒன்றில் 'காலை 6 மணி, அனைவரும்' என்று ஒரே வரி. மற்றொன்றில் ஒவ்வொரு துறைக்கும் தனி நேரம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் செங்கல்பட்டு அருகே ஒரு பழைய வீடு, மாலையில் சுமார் 30 கி.மீ. தள்ளி மாமல்லபுரம் கடற்கரை. முதல் ஷாட் 7.30. துறைவாரித் தாளை இந்த 7.30-இலிருந்து பின்னோக்கித்தான் எழுத வேண்டும். நாயகிக்கு மேக்கப், தலை அலங்காரம், உடை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஒத்திகைக்குக் கால் மணி. ஆக அவர் 5.45-க்கு நாற்காலியில் உட்கார வேண்டும். ஜெனரேட்டர், கேபிள், லைட் இறக்கி முடிக்க லைட்மேன்களுக்கு 5.30. கேமரா குழுவுக்கு 6.15 போதும். கடற்கரைக் காட்சியில் மட்டும் வரும் நடிகர் மதியம் 1 மணிக்கு நேராக மாமல்லபுரம் வந்தால் போதும்.

'அனைவரும் 6 மணி' என்றால் மேக்கப் 7.30-க்குத்தான் முடியும், ஒத்திகை முடிய 7.45. அதே நாற்காலிக்கு இன்னொரு நடிகர் காத்திருந்தால் 9 மணி தாண்டும். அங்கே இழந்ததைக் கடற்கரையில் வெளிச்சம் போகும்போதுதான் உணர்வார்கள்.

ஆனால் ஒரே நேரத்துக்கும் இடம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரே இடம் என்றால் அதுதான் நல்லது. துறைவாரி நேரம் போட்டால் வேன் இரண்டு நடை அடிக்க வேண்டும். துறைவாரித் தாளில் வழக்கமாக வரும் குழப்பமும் வண்டியால்தான். 5.30 என்பது வடபழனியில் வண்டி ஏறும் நேரமா, ஸ்பாட்டில் நிற்கும் நேரமா? இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டிலும் வித்தியாசம் தெரியும். 5.30-க்கு வந்தவர்களுக்கு 5.15-க்கே டீ தயாராக இருக்க வேண்டும். அதற்குப் புரொடக்‌ஷன் ஆட்களின் நேரம் 4.45. டிஃபனை 6.45 முதல் துறை துறையாகக் கொடுக்கலாம். மதியம்தான் சிக்கல்: எல்லோரும் 12.30-க்குச் சாப்பிட்டு, அதன் பிறகு லைட்டை வண்டியில் ஏற்றினால் கடற்கரைக்கு ஷிஃப்டிங் தள்ளிப்போகும். பாதி லைட்மேன்களுக்கு 11.45-க்குச் சாப்பாடு போட்டு, காலைக் காட்சிக்குத் தேவைப்படாத லைட்டோடு முன்கூட்டியே அனுப்பலாம். ஒரே நேரத் தாளில் இதை எழுத இடமே இருக்காது.

அவசர உதவிப் பகுதியில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது, எந்த வடிவமானாலும். '108' என்று மட்டும் அச்சிடுவது போதாது. அழைப்பவர் எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஆகவே இரண்டு இடங்களுக்கும் தனித்தனியாக முழு முகவரி, சாலையிலிருந்து தெரியும் அடையாளம், 24 மணி நேர அவசரப் பிரிவுள்ள அருகிலுள்ள மருத்துவமனை, எப்போதும் ஸ்பாட்டில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் எண். வீட்டுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எழுதியதைக் கடற்கரைக்கும் அப்படியே விட்டுவிடக் கூடாது. தாளில் உள்ள எண்களுக்கு முந்தின நாள் மாலையே ஒருவர் போன் செய்து பார்த்துவிட வேண்டும்.