எந்தக் கடையை வாங்கலாம்: செவ்வாய்பேட்டை மளிகையா, ஏற்காட்டு டீக்கடையா?

மளிகைக்குக் கேட்கும் விலை 10 லட்சம். மூன்று வருடச் சராசரி லாபம் 4 லட்சம். ஐந்தாம் வருட முடிவில் சரக்கும் அட்வான்ஸுமாக 4 லட்சம் திரும்பும் என்று வைத்தால் ஐஆர்ஆர், அதாவது போட்ட பணத்துக்கு வருடத்துக்குக் கிடைக்கும் வருமான விகிதம், 34%. அடேயப்பா! ஆனால் கல்லாவில் காலை ஆறு மணிக்கே உட்காரும் முதலாளிக்குச் சம்பளமே எழுதவில்லை. மாதம் 15,000 கழித்து ஷீட்டில் -10, 2.2, 2.2, 2.2, 2.2, 6.2 என்று போட்டு `=IRR(A1:A6)` அடித்தால் 12.7% தான்.

டீக்கடைக்கு 8 லட்சம். ஆள் சம்பளம் போக லாபம் 3 லட்சம், கடைசியில் அட்வான்ஸ் 2 லட்சம். ஐஆர்ஆர் 29%. என் ஓட்டு இதற்குத்தான். ஒன்று மட்டும்: வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். மூன்றாம் வருடமே கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னால், அட்வான்ஸ் திரும்பினாலும் 16% ஆகிவிடும்.