நோ காஸ்ட் இஎம்ஐ, ஒரே தடவையில் முழுப் பணம், நுகர்வோர் கடன்: எதில் எவ்வளவு கூடுதல்?

கிரெடிட் கார்டில் 30,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். 6 மாதத் தவணை, மாதம் 5,000 ரூபாய், வட்டி கிடையாது என்று விற்பனைப் பக்கம் சொல்கிறது. அடுத்த மாதம் வரும் ஸ்டேட்மென்ட்டிலோ அசல், வட்டி, ஜிஎஸ்டி என்று மூன்று தொகைகள் தனித்தனியாக இருக்கின்றன. இது வங்கியின் பிழை அல்ல. இத்திட்டம் இயங்கும் முறையே இதுதான்.

வட்டியே இல்லாத தவணை என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. ஆகவே வங்கி வழக்கம்போல வட்டி வசூலிக்கிறது. அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளரோ தயாரிப்பு நிறுவனமோ விலையில் முன்கூட்டியே தள்ளுபடி செய்கிறது. ஆண்டு வட்டி 15 சதவீதம் எனக் கொண்டால், மேற்சொன்ன பொருளுக்குத் தள்ளுபடி ஏறத்தாழ 1,270 ரூபாய். வங்கி உங்களுக்குத் தரும் கடன் 28,730 ரூபாய் மட்டுமே. 6 மாதங்களில் அதன் மேல் சேரும் வட்டியும் அதே 1,270 ரூபாய்தான் என்பதால், மொத்தம் மீண்டும் 30,000 ரூபாயில் வந்து நிற்கிறது.

ஆனால் தள்ளுபடி ஈடுகட்டுவது வட்டியை மட்டுமே, அதன் மேல் விழும் வரியை அல்ல. சாதாரணக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கிரெடிட் கார்டு சேவையில் வரும் வட்டிக்கு அந்த விலக்கு இல்லை, 18 சதவீதம் வரி உண்டு. முதல் மாத வட்டி 359 ரூபாய் என்றால் அதற்கான ஜிஎஸ்டி சுமார் 65 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் வரியும் இறங்கி, கடைசி மாதத்தில் வரி 11 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். ஆறு மாதங்களுக்கும் சேர்த்து வரி மட்டும் ஏறத்தாழ 229 ரூபாய். வங்கி 199 ரூபாய் செயலாக்கக் கட்டணம் வைத்திருந்தால், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து முதல் ஸ்டேட்மென்ட்டிலேயே 235 ரூபாய் ஏறும். அதனால்தான் முதல் மாதம் 5,000-க்குப் பதில் சுமார் 5,300 கேட்கிறார்கள். மொத்தக் கூடுதல் 463 ரூபாய். கடனாக நின்ற தொகையோடும் காலத்தோடும் ஒப்பிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை சதவீத வட்டிக்குச் சமம்.

இதே பொருளை 3 மாதத் தவணையில் எடுத்தால் கூடுதல் தொகை சுமார் 367 ரூபாயாகக் குறைகிறது; ஆனால் கடன் நிற்கும் காலம் அதைவிட வேகமாகக் குறைவதால், ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது அது ஏழரை சதவீதத்தைத் தொடுகிறது. செயலாக்கக் கட்டணம் தவணைக் காலத்தைப் பார்ப்பதில்லை என்பதே காரணம். சிறிய தொகைக்குக் குறுகிய தவணை எடுப்பவர்களைத்தான் இது அதிகம் பாதிக்கிறது என்பது என் கருத்து.

இனி மாற்று வழிகள். அதே கார்டில் முழுத் தொகையையும் செலுத்திவிட்டு, கெடு நாளுக்குள் பாக்கியை முழுவதும் தீர்ப்பவருக்கு வட்டியும் இல்லை, அதற்கான வரியும் இல்லை. ஆனால் அவர் கவனிக்க வேண்டியது விலையை. முழுப் பணம் செலுத்துவோருக்கு ஏதேனும் உடனடித் தள்ளுபடி தரப்பட்டு, தவணையைத் தேர்ந்தெடுத்தவுடன் அது மறைந்துவிட்டால், அந்தத் தள்ளுபடியையும் தவணையின் செலவாகவே கணக்கிட வேண்டும். 463 ரூபாயைவிட இது பெரிதாக இருப்பது அரிதல்ல.

கையில் பணம் இல்லாதவருக்கு இன்னொரு வழி, கார்டு இல்லாமல் நிதி நிறுவனம் நேரடியாகத் தரும் நுகர்வோர் கடன். அது கார்டு சேவை அல்ல என்பதால் வட்டியின் மேல் ஜிஎஸ்டி வராது. 229 ரூபாய் மிச்சம். அங்கும் செயலாக்கக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் உண்டு, சில வேளைகளில் கார்டைவிட அதிகமாகவும் இருக்கும். எனவே கட்டணத்தைத் தெரிந்துகொள்ளாமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

கார்டுத் தவணையை எடுத்தே தீர வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன் அசல், வட்டி, தள்ளுபடி ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், அதே விவரம் ஸ்டேட்மென்ட்டிலும் வர வேண்டும் என்று 2022-ல் வெளியான ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் கூறுவதை நினைவில் கொள்ளுங்கள். தள்ளுபடி காட்டப்படாமல் வட்டி மட்டும் காட்டப்பட்டால், அது உண்மையில் சாதாரண இஎம்ஐ. வாங்கிய பிறகு வங்கிச் செயலியில் நீங்களாகவே தவணைக்கு மாற்றுவது பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே விற்பனையாளர் எதையும் ஈடுகட்டுவதில்லை, 1,300 ரூபாய்க்கு மேல் வரும் வட்டி முழுவதும் உங்கள் கையிலிருந்தே போகும். தவணை ஓடும் காலத்தில் ஒரு மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்: செலுத்தாத பாக்கிக்குத் தனி வட்டி ஏறுவதோடு, அந்த மாதம் கார்டில் வாங்கும் மற்றவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும், அந்த வட்டிக்கும் அதே 18 சதவீத வரி சேரும்.