கல்யாண மண்டபத்துக்குக் கட்டும் பணம்: ரிசிட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்னப் பட்டணம் எங்களுடையது. கல்யாணம் வைக்கிற அளவுக்கு மண்டபங்கள் இங்கே அதிகம் கிடையாது. அதில் ஒரு மண்டபம் என் தங்கை குடும்பத்திடம் நடந்துகொண்ட விதத்தைத்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. இதே பழக்கம் வேறு மண்டபங்களிலும் இருக்கலாம்.

தங்கை மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தோம். மண்டப வாடகை 6,000 வெள்ளி. தேதியைப் பிடிக்க முதலில் 1,000 வெள்ளி, தைப்பூசம் முடிந்து தவணையாக 3,000 வெள்ளி, அதோடு நாற்காலி, கண்ணாடி உடைந்தால் பிடித்துக்கொள்ள 800 வெள்ளி கட்டினார்கள். மொத்தம் 4,800. பங்குனியில் மாப்பிள்ளையின் அப்பா தவறிவிட்டார். ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டில் நல்ல காரியம் இல்லை. அந்த வாரமே தங்கை மண்டபத்துக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லிவிட்டாள். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"டெப்போசிட் திரும்பக் கிடையாதுங்கண்ணே, ரிசிட்டிலேயே போட்டிருக்கு" என்றார் நிர்வாகி. போட்டிருந்தது உண்மைதான். மூன்று ரிசிட்டிலும் அடியில் மலாயில் அதே ஒரு வரி. மூன்றிலும் 'எதற்காக' என்ற இடத்தில் 'டெப்போசிட்' என்று ஒரே சொல். வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அன்றைய வாடகைதான் என்றார். துக்க வீட்டுக்கு ஆறு மாதக் கெடு வைப்பது கொடுப்பது மாதிரி கொடுக்காமல் இருப்பதுதான்.

நான் தோட்ட அலுவலகத்தில் பல வருஷம் கணக்கு எழுதியவன். "தம்பி, பதிவுப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டு" என்றேன். அவர் மறைக்காமல் காட்டினார். அதில் தப்பு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் புத்தகம் ஆள் வாரியாக இல்லை, தேதி வாரியாக இருந்தது. ஒரு முகூர்த்தத் தேதிக்கு ஒரு பக்கம். எங்கள் பக்கத்தில் தங்கை பெயர் அடிக்கப்பட்டு, கீழே இன்னொரு குடும்பத்தின் பெயரும் அவர்கள் கட்டிய முன்பணமும் ஏறியிருந்தன. நாங்கள் ரத்து செய்த அடுத்த மாதமே தேதி போய்விட்டது. ஆவணி முகூர்த்தம் சும்மா கிடக்குமா? எங்கள் 4,800 வெள்ளியோ வாங்கிய அந்தந்த மாதத்திலேயே வருமானம் என்று கூட்டப்பட்டிருந்தது. "அந்தக் காசு அப்பவே செலவாயிருச்சுண்ணே" என்று அவர் சொன்னது அதனால்தான்.

கணக்கு இங்கேதான் பிசகுகிறது. கல்யாணத்துக்கு முன் வாங்கும் பணம் மண்டபத்துக்கு வருமானம் இல்லை, கடன். மண்டபத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், முடியாவிட்டால் பணத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அதனால் அது கட்டியவர் பெயரில் பொறுப்புப் பக்கத்தில் நிற்க வேண்டும், கல்யாணம் முடிந்த அன்றுதான் வருமானத்துக்கு மாற வேண்டும். ரத்து ஆனால் மூன்று தொகையையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். தேதியைப் பிடித்து வைத்ததற்கான 1,000 வெள்ளியை ஒப்பந்தப்படி பறிமுதல் வருமானம் என்று தனித் தலைப்பில் எழுதலாம். தவணை 3,000 வாடகையின் ஒரு பகுதி. வாடகைக்கு விடாத நாளுக்கு அதை வைத்துக்கொள்ளக் காரணம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 'திருப்பித் தர வேண்டியது' என்ற கணக்குக்குப் போக வேண்டும். 800 வெள்ளியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நாங்கள் மண்டபத்துக்குள் நுழையவே இல்லை, எதை உடைத்திருப்போம்? சேதத்துக்கான பில் இல்லாமல் அந்தப் பணம் எந்தக் காலத்திலும் வருமானம் ஆகாது.

புதிய குடும்பமும் அதே 6,000 வெள்ளிக்குத்தான் பேசியிருந்தது. அப்படியென்றால் ஒரே நாளுக்கு மண்டபத்துக்கு 10,800 வெள்ளி. யாரும் ரத்து செய்யாமல் எங்கள் கல்யாணமே நடந்திருந்தால் கிடைத்திருப்பது 6,000தான். எங்கள் வீட்டுச் சாவில் அவர்களுக்குக் கூடுதல் லாபம்.

சட்டமும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். டெப்போசிட்டைப் பறிமுதல் செய்வதற்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2018இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில் நமக்கு ஒரு சுமையும் இருக்கிறது: பிடித்த தொகை நியாயமற்றது என்று காட்ட வேண்டியது பணத்தை இழந்தவர்தான். மண்டபம் தன் நஷ்டத்தை நிரூபிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஆகவே அந்தத் தேதி மறுபடி போனதற்கு ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது எளிதாகக் கிடைத்தது. சின்ன ஊர், அந்தக் கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கே வந்தது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டோம். ஊரில் திரிபியூனல் என்பார்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று ரிசிட், வாட்ஸ்அப் தகவலின் படம், அந்தப் பத்திரிகை, இவ்வளவுதான் இணைத்தோம். வாட்ஸ்அப்பில் இருந்த தேதிதான் மிகவும் உதவியது. வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து ரத்து செய்தார்கள் என்று அவர்கள் சாதித்திருக்கலாம்.

விசாரணை நாளன்று மண்டபத்தார் சமரசத்துக்கு வந்தார்கள். 3,800 வெள்ளி திருப்பித் தருவது, 1,000 அவர்களுக்கு. தங்கை ஒத்துக்கொண்டாள். எனக்கு அந்த 1,000 மேலும் வருத்தம் உண்டு, தேதி உடனே போய்விட்டதே. ஆனால் தேதியைப் பிடித்து வைத்த பணம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதற்காக இழுக்க வேண்டாம் என்று அவள் நினைத்தாள். சமரசத்தை மன்றமே தீர்ப்பாகப் பதிவு செய்துகொள்கிறது. அப்புறம் கொடுக்காமல் இருந்தால் அது குற்றம். இதற்கு முன்பு வெளியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், மனுவை மட்டும் மீட்டுக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

செக் வாங்கப் போன அன்று அசல் ரிசிட்டுகளைத் தந்தால்தான் செக் என்றார்கள். நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் அசலைக் கொடுத்தோம், செக் பணமாகும்வரை நகலையும் பத்திரப்படுத்தினோம். பணம் திரும்பத் தரும் வவுச்சரில் 'நல்லெண்ண உதவி' என்று எழுதியிருந்ததைத் தங்கை அடிக்கச் சொல்லி, '3,000 வாடகைத் தவணை, 800 சேதப் பாதுகாப்புப் பணம் திருப்பம்' என்று எழுத வைத்தாள். உதவி என்று கையெழுத்துப் போட்டால் அது நம் பணம் என்பதே மறைந்துவிடும்.

தை முகூர்த்தத்துக்கு இப்போது பணம் கட்டுகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று தொகைக்கும் ஒரே சொல்லைப் போட்டு ரிசிட் நீட்டினால் வாங்காதீர்கள். எது பதிவுப் பணம், எது வாடகைத் தவணை, எது சேதப் பணம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ரத்து செய்த தேதி வேறு ஒருவருக்குப் போனால் தவணை திரும்ப வரும் என்று ஒரு வரியைப் பேனாவிலாவது சேர்த்து, நிர்வாகியின் கையெழுத்தை வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால், பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மண்டபத்துக்குப் போகலாம். பக்கத்து ஊரில் இருந்தாலும் பரவாயில்லை, சொந்தக்காரர்கள் வண்டியில்தானே வருகிறார்கள்.